நான்கு அகப்பக்கம், ஒரே சாவி



நம் வட்டாரங்களில் பெரும்பாலும் இதே கதைதான். கணினி கொஞ்சம் தெரிந்தவர் யாராவது இருந்தால், "நீயே பாத்துக்கப்பா" என்று அகப்பக்கப் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிடுவார்கள். முதலில் ஒரே ஓர் அகப்பக்கம் இருக்கும். அப்புறம் திருமுறை வகுப்புக்கு ஒன்று, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குத் தொண்டர்கள் பதிந்துகொள்ள ஒன்று, பழைய இதழ்களைப் போட்டுவைக்க ஒன்று என்று கூடிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஹோஸ்டிங் வாங்கக் காசு ஏது? ஒரே கணக்கில் நான்கையும் ஏற்றிவிடுவோம். சிபேனலில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். நானும் அப்படித்தான் செய்தேன்.

ஒரு நாள் வகுப்பு ஆசிரியை வாட்சப்பில் அழைத்தார். "தம்பி, கூகிள்ல நம்ம பேரைத் தேடி அழுத்துனா சூதாட்டப் பக்கம் வருது. பிள்ளைங்க முன்னால திறந்துட்டேன்." நான் உடனே முகவரியைத் தட்டிப் பார்த்தேன். அகப்பக்கம் ஒழுங்காகத்தான் வந்தது. "உங்க போன்லதான் ஏதோ கோளாறு டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். அது என் முதல் தவறு. புகுந்தவன் எழுதி வைத்திருந்த கட்டளை, கூகிளிலிருந்து வருபவர்களை மட்டும் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பியது. நேராக முகவரி தட்டி வருபவருக்கு உண்மையான பக்கத்தையே காட்டியது. நேராக முகவரி தட்டி வருவது பெரும்பாலும் நிர்வாகிதான். அவன் கண்ணில் படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. யாராவது இப்படிப் புகார் சொன்னால், கூகிளில் `site:` என்று போட்டு ஒட்டினாற்போல் உங்கள் முகவரியைத் தட்டித் தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதாத தலைப்புகள் வரிசையாக வந்தால், புகுந்துவிட்டார்கள் என்று பொருள்.

அன்றிரவே முதன்மை அகப்பக்கத்தைச் சுத்தம் செய்தேன். `.htaccess` கோப்பில் திணித்திருந்த வரிகளை எடுத்தேன். வேர்ட்பிரஸைப் புதிதாக இறக்கி மேலே போட்டேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். இரண்டு நாளில் அதே சூதாட்டம் திரும்பி வந்தது. மறுபடி சுத்தம் செய்தேன். மறுபடி வந்தது. முதன்மை அகப்பக்கத்தில் ஓட்டை எங்கே என்று தேடித் தேடிக் கண்தான் வலித்தது. அங்கே ஓட்டையே இல்லை.

ஓட்டை தைப்பூசப் பக்கத்தில் இருந்தது. அதை ஒரு தைப்பூசத்துக்காகச் செய்தோம். விழா முடிந்ததும் எல்லாரும் மறந்துவிட்டோம். அழிக்கவும் இல்லை, புதுப்பிக்கவும் இல்லை. தொண்டர்கள் படம் ஏற்றுவதற்காக ஒரு படிவச் செருகுநிரல் போட்டிருந்தேன். அதன் பழைய பதிப்பு, ஏற்றப்படுவது படம்தானா என்று சரியாகப் பார்க்கவில்லை. படம் என்ற பெயரில் ஒருவன் பிஎச்பி கோப்பு ஒன்றை ஏற்றிவிட்டான். அந்தக் கோப்பை வெளியிலிருந்து கூப்பிட்டாலே போதும், அவன் சொல்வதையெல்லாம் அது செய்யும். நான் முதன்மை அகப்பக்கத்தைக் கழுவக் கழுவ, பக்கத்து அடைவில் இருந்த அந்தக் கோப்பு மறுபடி மறுபடி அழுக்கைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது.

இங்கேதான் பாடம். ஓர் அடைவில் இருக்கும் கோப்பு வேறு அடைவில் எப்படிக் கை வைக்கிறது? அகப்பக்கம் வேறு, முகவரி வேறு, வேர்ட்பிரஸ் வேறு, நிர்வாகி கடவுச்சொல்லும் வேறு. எல்லாமே தனித்தனி என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

ஹோஸ்டிங் கணினியில் ஓடுவது லினக்ஸ். லினக்ஸுக்கு உங்கள் அகப்பக்கங்களைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பயனர்களை மட்டும்தான். நீங்கள் ஒரு ஹோஸ்டிங் கணக்கு வாங்கினால், அந்தக் கணினியில் உங்களுக்கென்று ஒரு பயனர் உருவாகிறார். அவர் பெயர் `peravai` என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏற்றும் கோப்பெல்லாம் `peravai`க்குச் சொந்தம். யாராவது உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது ஓடுகிற பிஎச்பியும், இன்றைய சிபேனல் ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் `peravai` என்ற பெயரிலேயே ஓடுகிறது. ஆகவே தைப்பூசப் பக்கத்தின் பிஎச்பி, முதன்மைப் பக்கத்தின் கோப்பைத் திறக்கப் போனால், லினக்ஸ் கேட்பது ஒரே கேள்விதான். "நீ யாரு?" "நான் `peravai`." "இந்தக் கோப்பு யாருடையது?" "அதுவும் `peravai`யோடதுதான்." "அப்ப சரி, போ."

வீட்டுக்குள் நான்கு அறை, எந்த அறைக்கும் பூட்டு இல்லை. வாசல் கதவுக்கு மட்டும் ஒரு சாவி. எந்த அறையின் ஜன்னல் வழியாகத் திருடன் ஏறினாலும் வீடு முழுக்க நடக்கலாம். அடைவு என்பது அறையின் பெயர்ப்பலகை, அவ்வளவுதான். சுவர் என்பது லினக்ஸ் பயனர்.

உங்கள் கணக்கிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவது அகப்பக்கத்தின் அடைவில் `sothanai.php` என்று ஒரு கோப்பு வையுங்கள்.

```php
<?php
$f = '/home/peravai/public_html/wp-config.php';
echo is_readable($f) ? 'முடியும்' : 'முடியாது';
```

`peravai` என்ற இடத்தில் உங்கள் கணக்குப் பெயர் வர வேண்டும். பாதை சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை தவறாக இருந்தாலும் 'முடியாது' என்றுதான் வரும், அதை நம்பி ஏமாறக்கூடாது. இந்தக் கோப்பு எதையும் திறந்து காட்டாது, படிக்க முடியுமா என்று மட்டும் சொல்லும். உலாவியில் திறந்து பாருங்கள். என் கணக்கில் 'முடியும்' என்று வந்தது. பார்த்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

`wp-config.php`யில் தரவுத்தளத்தின் பெயரும் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாக இருக்கின்றன. அதைப் படிக்க முடிந்தவன் உங்கள் தரவுத்தளத்தையும் படிப்பான். சிலர், "கோப்பு அனுமதியை 600 ஆக்கினால் போதுமே, உரிமையாளர் மட்டும்தானே படிக்க முடியும்" என்பார்கள். அடுத்த வாடிக்கையாளர் எட்டிப் பார்க்காமல் இருக்க 600 உதவும், அதனால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் நான்கு அகப்பக்கங்களுக்கும் உரிமையாளர் ஒருவரே. அங்கே 600 எதையும் தடுக்காது.

கிளைத் தம்பிகளுக்கு, அவர்கள் அடைவை மட்டும் பார்க்கும்படி ஓர் எஃப்டிபி கணக்கு செய்து கொடுப்பதும் இதே மாதிரிதான். எஃப்டிபியில் அவரால் மேலே ஏறிப் பார்க்க முடியாது, உண்மை. ஆனால் அவர் ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றி உலாவியில் திறந்தால், அது `peravai`யாக ஓடி வீடு முழுக்கச் சுற்றும். தம்பி அப்படிச் செய்ய மாட்டார். அவர் கடவுச்சொல் யார் கையிலாவது கிடைத்தால் அவர்கள் செய்வார்கள்.

ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிபேனலில் டெர்மினல் இருந்தால் இரண்டு கட்டளை போதும்.

```
find ~ -path '*/wp-content/uploads/*' -name '*.php'
find ~ -name '*.php' -ctime -30
```

முதல் கட்டளை, படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் பிஎச்பி கோப்புகளைக் காட்டும். சில செருகுநிரல்கள் அங்கே வெறும் `index.php` ஒன்றை வைத்திருக்கும், அது குற்றமில்லை. திறந்து பார்த்தால் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்து இருந்தால் அதுதான் ஆள். இரண்டாவது கட்டளை கடந்த 30 நாளில் மாறிய கோப்புகளைக் காட்டும். அதில் `-mtime` என்று போடாமல் `-ctime` என்று போட்டதற்குக் காரணம் உண்டு. கோப்பு திருத்தப்பட்ட நாளைப் பழைய தேதியாக மாற்றி வைப்பது அவர்களுக்குச் சுலபம். `ctime`ஐ அப்படி எளிதாக மாற்ற முடியாது. நீங்களே வேர்ட்பிரஸைப் புதுப்பித்திருந்தால் அந்தக் கோப்புகளும் பட்டியலில் வரும், பயந்துவிடாதீர்கள்.

எந்த வழியாக வந்தான் என்பதைச் சொன்னது சேவையகப் பதிவேடு. சிபேனலில் `Raw Access` என்ற இடத்தில் அது இருக்கும். தைப்பூசப் பக்கத்தின் பதிவேட்டில், படங்கள் அடைவில் இருந்த ஒரு பிஎச்பி கோப்புக்கு `POST` என்று வரி வரியாக வந்திருந்தது. விழா எப்போதோ முடிந்த பக்கத்துக்கு நள்ளிரவு மூன்று மணிக்கு யார் படிவம் அனுப்புகிறார்கள்? பழைய பதிவேடுகளைச் சேமித்து வைக்கும் தெரிவு அதே பக்கத்தில் இருக்கிறது. இன்றே அதை இயக்கி வையுங்கள். சம்பவம் நடந்த பிறகு இயக்கினால் பழையது கிடைக்காது.

காப்புநகலை வைத்துத் திரும்பப் போகலாமே என்று கேட்கலாம். ஹோஸ்டிங் நிறுவனம் ஏழு நாள் நகல்தான் வைத்திருந்தது. அந்தக் கோப்பு உள்ளே வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏழு நகலிலும் அதே கோப்பு. நான் சொந்தமாக எடுத்த நகல்? அதே கணக்கின் உள்ளேயே ஓர் அடைவில் வைத்திருந்தேன். திருடன் நடமாடிய வீட்டுக்குள் வைத்த பெட்டியை நம்பி எப்படித் திறப்பது? இப்போதெல்லாம் மாதம் ஒரு முறை நகலை என் வெளித்தட்டில் இறக்குகிறேன், ஓர் ஆண்டுக்கு உரியதை அழிப்பதில்லை.

மூன்றாவது சுற்றில்தான் சரியாகச் செய்தேன். ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டு, நான்கையும் ஒரே நேரத்தில் மூடினேன். நான்கிலும் வேர்ட்பிரஸ் கோப்புகளையும் செருகுநிரல்களையும் நீக்கிவிட்டு, மூலத்திலிருந்து புதிதாக இறக்கினேன். படங்கள் அடைவையும் தரவுத்தளத்தையும் மட்டும் சோதித்துவிட்டு வைத்துக்கொண்டேன். நிர்வாகிகள் பட்டியலில் யாருக்கும் தெரியாத பெயர் ஒன்று இருந்தது, நீக்கினேன். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள் சிபேனலில் `Cron Jobs` என்ற இடத்தில் இருக்கும், அதையும் பார்த்தேன். கடைசியாகத்தான் கடவுச்சொற்கள். அழுக்கு உள்ளே இருக்கும்போது மாற்றினால் புதுக் கடவுச்சொல்லும் அவன் கைக்குப் போகும். ஒவ்வொரு வேர்ட்பிரஸ் அடைவிலும் இதையும் ஓட்டினேன்.

```
wp core verify-checksums
wp config shuffle-salts
```

முதல் வரி, வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகள் கலப்படம் இல்லாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும். இரண்டாவது வரி, உள்நுழைந்து உட்கார்ந்திருக்கும் எல்லாரையும் வெளியே தள்ளும். உங்களையும்தான். `wp` கட்டளை உங்கள் ஹோஸ்டிங்கில் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் `wp-config.php`யில் இருக்கும் எட்டுச் சாவி வரிகளையும் கையால் மாற்ற வேண்டும்.

இதுவரை சொன்னது கணினி வேலை. இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. தைப்பூசப் படிவத்தில் தொண்டர்களின் பெயர், கைப்பேசி எண்ணோடு அடையாள அட்டை எண்ணையும் கேட்டிருந்தோம். ஏன் கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். முன்பு தாளில் இருந்த படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது, அதை அப்படியே ஏற்றிவிட்டோம். வேறு காரணமே இல்லை. நூறு பேருக்கு மேல் பதிந்திருந்தார்கள், பாதிப்பேர் பள்ளி மாணவர்கள். அவன் அதை எடுத்தானா இல்லையா என்று பதிவேட்டை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எடுத்திருக்க முடியும், அது மட்டும் நிச்சயம். செயலாளரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்தோம். "நம்ம பந்தலுக்குத்தானேப்பா குடுத்தோம்" என்று ஓர் அம்மா சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு முதலில் செய்தது, எந்த அகப்பக்கத்துக்கு வேர்ட்பிரஸ் உண்மையில் தேவை என்று பார்த்தது. முதன்மைப் பக்கத்தில் வாரா வாரம் செய்தி வரும், தேவை. வகுப்புப் பக்கத்தில் ஆசிரியைகள் பாடம் ஏற்றுவார்கள், தேவை. இதழ்த் தொகுப்பு மாறவே மாறாது. தைப்பூசப் பக்கம் முடிந்த கதை. மாறாத பக்கத்துக்கு பிஎச்பியும் வேண்டாம், தரவுத்தளமும் வேண்டாம். வெறும் எச்டிஎம்எல்லாக மாற்றிவிடலாம். உங்கள் கணினியிலிருந்து இப்படி ஒரு நகல் எடுக்கலாம் (`example.org` இருக்கும் இடத்தில் உங்கள் முகவரி).

```
wget --mirror --convert-links --adjust-extension \
     --page-requisites https://example.org/
```

பிறகு அந்த அடைவில் இருந்த வேர்ட்பிரஸை முழுதாக நீக்கி, தரவுத்தளத்தையும் நீக்கி, இந்த நகலை ஏற்றினேன். படிவமும் தேடல் பெட்டியும் வேலை செய்யாது. பழைய இதழுக்கு அது போதும். ஓட்டை விழுவதற்கு அங்கே ஓடும் நிரலே இல்லை. தைப்பூசப் பக்கத்தில் படங்கள் மட்டும் இருக்கின்றன. தொண்டர் பட்டியலை அழித்துவிட்டோம். இப்போது படிவத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டும்தான், விழா முடிந்த மாதமே அதையும் அழிக்கிறோம்.

மிஞ்சியது இரண்டு வேர்ட்பிரஸ். அவற்றைத் தனித்தனிக் கணக்கில் வைத்தேன். இதற்கு ரீசெல்லர் ஹோஸ்டிங் என்று ஒரு வகை இருக்கிறது. பெயரைப் பார்த்து, அது வியாபாரிகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரே கட்டணத்தில், ஒரே இடத்தை நீங்களே பல சிபேனல் கணக்குகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கணக்குக்கும் தனி லினக்ஸ் பயனர், தனி வீட்டு அடைவு, தனிக் கடவுச்சொல். எங்களுக்குச் செலவு பழையதைவிடக் கொஞ்சம் கூடியது. செயற்குழுவில், "ரெண்டும் ஒரே கம்பெனிதானே, எதுக்கு ரெண்டு கணக்கு?" என்று கேட்டார்கள். வீடு, அறை கதையைச் சொன்னதும் பொருளாளர் சரி என்றுவிட்டார். ரீசெல்லர் பலகையின் தலைமைக் கடவுச்சொல் மட்டும் எல்லா வீட்டுக்கும் பொதுச் சாவி. தினசரி வேலைக்கு அதைத் தொடுவதில்லை, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டிருக்கிறேன். கணினியே முழுதாக வீழ்ந்தால் எல்லாக் கணக்கும் போகும். அதற்குத்தான் வெளித்தட்டு நகல்.

உங்கள் கிளையில் அந்தக் கூடுதல் காசுக்கும் வழியில்லை என்றால், ஒரே கணக்கிலேயே சேதத்தைக் குறைக்கச் சில வேலைகள் இருக்கின்றன. சுவர் எழும்பாது, ஜன்னல்கள் குறையும். முதலாவது, ஓர் அகப்பக்கத்தின் அடைவுக்குள் இன்னொன்றை வைக்காதீர்கள். `public_html/vaguppu` என்று வைத்தால், `public_html`இல் இருக்கும் `.htaccess` கட்டளைகள் கீழே இருக்கும் வகுப்புப் பக்கத்தையும் பிடிக்கக்கூடும். சூதாட்டத் திருப்பம் நான்கிலும் தெரிந்ததற்கு அதுதான் காரணம், மேலே ஒரே கோப்பில்தான் எழுதியிருந்தான். புது முகவரி சேர்க்கும்போது சிபேனல் அடைவின் பெயரைக் கேட்கும். `public_html`க்கு வெளியே, பக்கத்தில் ஒன்றாகக் கொடுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனிப் பயனர் இருக்கட்டும். நான்கு தரவுத்தளத்துக்கும் ஒரே பயனர் இருந்தால், ஒரு பக்கத்தின் படிவத்தில் இருக்கும் ஓட்டை வழியாகத் தரவுத்தளத்தில் மட்டும் கை வைத்தவன்கூட நான்கையும் படித்துவிடுவான். கோப்புவரை போனவனை இது தடுக்காது, அவனுக்குத்தான் `wp-config.php` கிடைக்குமே.

மூன்றாவது, படங்கள் அடைவில் பிஎச்பி ஓடாமல் நிறுத்துங்கள். `wp-content/uploads` அடைவில் ஒரு `.htaccess` கோப்பு வைத்து இதை எழுதுங்கள்.

```
<FilesMatch "(?i)\.(php|phtml|phar)$">
    Require all denied
</FilesMatch>
```

எங்களுக்கு வந்த தாக்குதலை இந்த மூன்று வரி அன்றைக்கே நிறுத்தியிருக்கும். கோப்பு ஏறியிருக்கும், ஆனால் அதை யாரும் வெளியிலிருந்து கூப்பிட முடிந்திருக்காது. எழுதியபின் ஒரு சோதனைக் கோப்பை அங்கே வைத்துத் திறந்து பாருங்கள், 403 வர வேண்டும். வராவிட்டால் உங்கள் சேவையகம் `.htaccess` படிக்காத வகை. நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

புதுக் கணக்குகள் இரண்டும் தயாரான அன்று, அந்த `sothanai.php`யை மறுபடி எடுத்தேன். பாதையில் முதன்மைப் பக்கத்தின் புது முகவரியைக் கொடுத்து, வகுப்புப் பக்கத்தின் கணக்கில் வைத்துத் திறந்தேன். 'முடியாது' என்று வந்தது. பாதையில் எழுத்துப் பிழை இருக்குமோ என்று சந்தேகம். அதே கோப்பை முதன்மைப் பக்கத்தின் கணக்கிலேயே வைத்துத் திறந்தேன், 'முடியும்' என்றது. பாதை சரிதான். இரண்டு இடத்திலும் கோப்பை அழித்துவிட்டு, வகுப்பு ஆசிரியையை அழைத்து, போனில் கூகிள் வழியாகவே போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"வந்துருச்சு தம்பி, பாடம்தான் வருது" என்றார்.